36-ஆம் நகர்த்தலில் போன வெற்றி

"ஈப்போ சதுரங்க ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தாயே மச்சான், எப்படித் தோற்றாய்? பக்கத்து மேசைக்காரர் a7 தள்ளினதுதான் தப்பு என்கிறார். எந்த இடத்தில் கைவிட்டுப் போச்சு?"

மச்சான், பக்கத்து மேசைக்காரர் சொன்னது பாதி சரி. a7 தப்புதான். ஆனால் அதைத் தள்ளும்போது என் கையில் வெற்றி இல்லை. அது ஐந்து நகர்த்தல் முன்பே போய்விட்டது. நேற்று ஞாயிறு, மழை விடவில்லை. சுங்கை சிப்புட் பாசாவுக்குக்கூடப் போகாமல், ஆட்டத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலகையில் பின்னோக்கி ஆடிப் பார்த்தேன். நான் கைவிட்ட நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்து, "இந்த நிலையில் வேறு நகர்த்தல் இருந்ததா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். முன்னோக்கிப் பார்த்திருந்தால் கண் நேராக a7-க்குத்தான் போயிருக்கும், ஏனென்றால் வலித்த இடம் அதுதான்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெள்ளை. 24-ஆம் நகர்த்தலில் எதிராளியின் தனித்து நின்ற c சிப்பாயை எடுத்தேன். 29-இல் ராணிகள் மாறின, 33-இல் கடைசிக் குதிரைகளும் போயின. அதுவரை என்னிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 35-இல் அவர் தன் யானையை b2-க்கு இறக்கினார். என் முறை. நீயும் பலகையில் அடுக்கு:

```
வெள்ளை: Kg2, Rd1, a4, f2, g3, h4
கறுப்பு:  Kg7, Rb2, f7, g6, h5
36-ஆம் நகர்த்தல், வெள்ளையின் முறை
```

ராஜா பக்கத்தில் மூன்றுக்கு மூன்று. மறுபக்கம் எனக்கு மட்டும் ஒரு a சிப்பாய், வழியில் தடையே இல்லை. கடிகாரத்தில் 14 நிமிடம் இருந்தது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி கூடும். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 36.Rd7 வைத்தேன்.

ஏன் வைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சின்ன வயதில் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆடக் கற்றபோது, ஏழாவது வரிசையில் யானை நின்றால் பலம் என்று மனதில் பதிந்துவிட்டது. d7-இல் நின்றால் f7 சிப்பாயைப் பார்க்கும், எதிரிக்கு நெருக்கடி கொடுக்கும் என்று தோன்றியது. Ra1 என்று ஒரு நகர்த்தல் இருப்பதும் கண்ணில் பட்டது. ஆனால் யானையை மூலைக்குக் கொண்டுபோய் சொந்தச் சிப்பாயின் பின்னால் உட்கார வைப்பது பயந்தவன் ஆட்டம் மாதிரி இருந்தது. அந்த எண்ணத்தில்தான் ஆட்டம் போனது.

ஏழாவது வரிசைக்கு மதிப்பு வருவது அங்கே தின்பதற்குச் சிப்பாய்கள் இருக்கும்போது. இங்கே இருந்தது f7 ஒன்றுதான், அதை g7-இல் இருக்கும் அவருடைய ராஜா சும்மா நின்றே காக்கிறார். ஆகவே என் யானை d7-இல் எதையும் சாதிக்கவில்லை. அவரோ 36...Ra2 வைத்தார். ஒரே நகர்த்தலில் அவருடைய யானை என் சிப்பாயின் பின்னால் போய் a4-ஐத் தாக்குகிறது. நான் 37.Ra7 வைத்து முன்னாலிருந்து காக்க வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் 37.Rd4 என்று பக்கவாட்டில் காத்திருந்தால் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்திருக்கும், என் யானைக்கு நான்காவது வரிசை முழுக்கத் திறந்திருக்கும். ஆனால் d7-இலிருந்து ஏழாவது வரிசையை விட்டு இறங்க மனம் வரவில்லை.

யானை சிப்பாயின் முன்னால் நிற்பதற்கும் பின்னால் நிற்பதற்கும் என்ன வித்தியாசம் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், தார்ராஷ் சொன்ன பழைய பாடம்தான். ஆனாலும் அந்த மேசையில் அது எனக்கு வெறும் வாசகமாக இருந்ததே ஒழியக் கணக்காக இல்லை. கணக்கு இதுதான். யானை முன்னால் நின்றால், சிப்பாய் ஒரு கட்டம் ஏறும்போதெல்லாம் என் யானைக்கு ஒரு கட்டம் குறைகிறது, பின்னால் நிற்கும் அவருடைய யானைக்கு ஒரு கட்டம் கூடுகிறது. கடைசியில் என் யானை a8 மூலையில் அடைபட்டு, நகர்ந்தால் சிப்பாய் போய்விடும் என்ற நிலையில் நிற்கும். யானை பின்னால் நின்றால் எல்லாம் தலைகீழ். சிப்பாய் ஏறஏற என் யானைக்கு இடம் விரியும், முன்னால் அடைத்து நிற்கும் அவருடைய யானை மூலைக்குள் போகும்.

இப்போது 36.Ra1-ஐ வைத்துப் பார். அவருடைய யானை b2-இல் இருக்கிறது, ஆனால் a வரிசைக்குள் நுழைய முடியாது, a2-க்கோ a3-க்கோ வந்தால் நான் எடுத்துவிடுவேன். அப்படியானால் அவர் முன்னால் போய்த்தான் தடுக்க வேண்டும். நான் ஆடிப் பார்த்த வழி:

```
36.Ra1 Kf6  37.a5 Ke6  38.a6 Rb8  39.a7 Ra8
40.Kf3 Kd6  41.Ke4 Kc6  42.Ke5 Kb7  43.Kf6 Rxa7
44.Rxa7+ Kxa7  45.Kxf7
```

45-க்குப் பிறகு g6-உம் h5-உம் அடுத்தடுத்து விழுகின்றன. அவருடைய ராஜா a7-இலிருந்து திரும்பி வருவதற்குள் என் சிப்பாய்கள் கிளம்பிவிடும். இங்கே a7-இல் இருக்கும் சிப்பாயை அவருடைய ராஜாவால் எடுக்க முடியாது என்பதைக் கவனி, பின்னால் a1-இல் யானை காக்கிறது. யானையைக் கொடுத்துத்தான் அதை ஒழிக்க முடியும், ஒழித்தால் ராஜா பக்கம் காலி.

அவர் ராஜாவை அந்தப் பக்கம் அனுப்பாமல் நடுவிலேயே நிறுத்தினால்? அதையும் பார்த்தேன். a8-இல் இருக்கும் அவருடைய யானை ஒரு அடி எடுத்து வைத்தாலும் என் சிப்பாய் ராணியாகிவிடும். ஆகவே அவரிடம் மிஞ்சியது ராஜா நகர்த்தலும் சிப்பாய் நகர்த்தலும்தான். என் யானைக்கோ a வரிசை முழுக்கத் திறந்திருக்கிறது. d6-இல் அவருடைய ராஜா நிற்கும்போது Ra6+ என்று ஒரு செக் கொடுத்தால் போதும், விலகியாக வேண்டும், என் ராஜா அடுத்த கட்டத்துக்கு நுழையும். f5 தள்ளி என் ராஜாவை f4-க்கு மேல் ஏறவிடாமல் தடுக்கப் பார்த்தாலும் அதே கதைதான். Ra6+ கொடுத்து, ராஜாவை e5, d6, c6 என்று நடத்தி b7-க்குக் கொண்டுபோகலாம்.

இது புதிய விஷயமே இல்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. 1927-இல் புவனோஸ் ஐரெஸில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 34-ஆம் ஆட்டம், அலெகின் காபபிளாங்காவைத் தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆன ஆட்டம். அதே a சிப்பாய், பின்னால் வெள்ளை யானை, முன்னால் கறுப்பு யானை. கறுப்பு ராஜா சிப்பாயைக் கவனிக்கப் போனபோது வெள்ளை ராஜா ராஜா பக்கம் போய்ச் சாப்பிட்டது. அந்த ஆட்டத்தை நாம் இரண்டு பேரும் உங்கள் தோட்டத்து லயன் வீட்டு வராண்டாவில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்திருக்கிறோம், ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா பால் மரம் வெட்டிவிட்டு வந்து, "இந்த யானைக்கு ஏன் இவ்வளவு நேரம்" என்று கேட்டார். அதைத் தெரிந்தவனாக இருந்தும் என் மேசையில் அதே நிலை வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. சிப்பாய் a4-இலேயே இருந்ததால், இன்னும் தூரம் இருக்கிறது, யானையை எங்கே வைத்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். சரிசெய்ய முடியாது. எந்த யானை முதலில் பின்னால் போகிறதோ அதுதான் அங்கே தங்கும்.

சரி, a7-க்கு வருகிறேன். ஆட்டம் இப்படிப் போயிற்று:

```
36.Rd7 Ra2  37.Ra7 Kf8  38.a5 Kg7  39.a6 Kf8
40.Ra8+ Kg7  41.a7 Kf6
```

a6-இல் சிப்பாயும் a7-இல் யானையும் இருந்தவரை எனக்கு இரண்டு நல்ல விஷயங்கள் இருந்தன. ஒன்று, என் யானை f7-ஐப் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் அவருடைய ராஜா f7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அதனால்தான் அவர் g7, f8 என்று அங்கேயே நடந்துகொண்டிருந்தார். இரண்டு, என் ராஜா எப்போதாவது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால், யானை விலகியதும் a7 கட்டம் அதற்கு ஒரு கூரை, செக்கிலிருந்து ஒதுங்க இடம். 41.a7 தள்ளியதும் இரண்டும் ஒரே நேரத்தில் போயின. என் யானை எட்டாவது வரிசைக்கு ஏறிவிட்டதால் f7 மீதிருந்த பிடி விட்டது. a7 கட்டத்தில் என் சிப்பாயே உட்கார்ந்துகொண்டதால் என் ராஜாவுக்குக் கூரை இல்லை. b7-க்குப் போனால் Rb2+, c7-க்கு விலகினால் Rc2+, பிறகு மறுபடியும் a வரிசைக்கு வந்துவிடுவார்.

நான் மனதில் வைத்திருந்தது வேறு. கறுப்பு ராஜா g7-க்கும் h7-க்கும் இடையில்தான் ஆட முடியும், வேறெங்கே போனாலும் செக் கொடுத்து ராணி எடுத்துவிடலாம் என்று எங்கோ படித்தது. f7-இல் சிப்பாய் இல்லாத நிலைக்கு அது சரி. அங்கே ராஜா f7-இல் நின்றால் Rh8 வைத்து, அவர் a7-ஐ எடுத்ததும் Rh7+ என்று யானையைப் பிடுங்கலாம். f6-க்குப் போனால் Rf8+ செக். ஆனால் இங்கே f7-இலும் g6-இலும் அவருக்குச் சிப்பாய்கள் இருக்கின்றன. f வரிசையில் செக் கொடுக்கப் போனால் f7 தடுக்கிறது, g வரிசையில் போனால் g6 தடுக்கிறது. e வரிசை மட்டும்தான் அவருக்கு ஆபத்து, அங்கே Re8+ இருக்கிறது. ஆகவே f6, f5, g4 என்று அவருடைய ராஜா மழைக்கு ஒதுங்கி நடப்பதுபோல நிதானமாக வர முடியும். 41...Kf6 வைத்தபோதுதான் எனக்கு இது புரிந்தது. முழுசாகப் புரியவில்லை, அடிவயிறு மட்டும் சில்லிட்டது.

அப்போதுகூட டிரா இருந்தது. 42.Kf3 வைத்து g4 கட்டத்தை அடைத்திருக்க வேண்டும். அவர் Ra3+ கொடுத்தால் Kg2, Ra2 வந்தால் மறுபடி Kf3. நடுவில் அவர் Kf5 வைத்தால், யானை மூன்றாவது வரிசையில் இருப்பதால் f3 தள்ளலாம், g4 அடைபட்டுவிடும். ஒரு நுணுக்கம் பார்: யானை a2-இல் இருந்து என் ராஜா g2-இல் இருந்தால் f2 சிப்பாயை நகர்த்தவே முடியாது, அது கட்டுண்டு கிடக்கிறது. அதனால்தான் முதலில் Kf3. என் அரை புள்ளி அந்த ஒரு கட்டத்தில் இருந்தது.

நான் 42.Kf1 வைத்தேன். ராஜாவை மேற்கே நடத்தி b6-க்குப் போனால் யானை விடுபடும், ராணி வரும் என்று என் ராஜாவின் அடிகளை மட்டும் எண்ணினேன். அவருடைய ராஜாவின் அடிகளை எண்ணவில்லை. 42...Kf5-க்குப் பிறகுகூட விழித்திருந்தால் யானையை நகர்த்தி a7-ஐக் கொடுத்துவிட்டு, Kg2 என்று திரும்பி மூன்றுக்கு மூன்று ஆடியிருக்கலாம். ஒரு சிப்பாய் கூட வைத்திருந்தவனுக்கு அதைக் கொடுக்க மனம் வருமா? வரவில்லை.

```
42.Kf1 Kf5  43.Ke1 Kg4  44.Kd1 Kf3  45.Kc1 Kxf2
46.Kb1 Ra6  47.Kc2 Kxg3  48.Kb3 Kxh4  49.Kb4 g5
50.Kb5 Ra1  51.Kb6 g4  52.Rb8 g3  53.a8=Q Rxa8
54.Rxa8 g2
```

Kg4 வந்த பிறகு 44.Kf1 என்று திரும்பிப் போனால் Kf3, அடுத்தது Ra1 மேட் மிரட்டல். அவ்வளவு நெருங்கிவிட்டார். கடைசியில் நான் நினைத்தபடியே அவருடைய யானை எனக்குக் கிடைத்தது. ஆனால் f1-இலிருந்து b6-க்குப் போக எனக்கு ஒன்பது நகர்த்தல் ஆயிற்று, அதற்குள் என் மூன்று சிப்பாய்களும் காலி. 54...g2-க்குப் பிறகு Rg8 வைத்துத் தடுக்கலாம்தான். அவர் Kh3, Kh2 என்று வந்து ராணியாக்கி என் யானையை வாங்கிவிடுவார். பிறகு அவரிடம் h5-உம் f7-உம் இருக்கும், என்னிடம் ராஜா மட்டும். கை கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஆக, நீ கேட்டதற்கு என் பதில் மூன்று இடம். 42-இல் தோற்றேன். 41-இல் அவருடைய ராஜாவை அவிழ்த்துவிட்டேன். வெற்றி போனது 36-இல். மூன்றில் 36-தான் பெரிசு, அதுதான் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் Rd7 வைத்தபோது பலகையில் ஒன்றும் நடக்கவில்லை. சிப்பாய் போகவில்லை, செக் விழவில்லை. நின்று பார்த்தவர்களும் என் யானை ஏழாவது வரிசையில் கம்பீரமாக இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நேரத்தைக் குறை சொல்லவும் எனக்கு இடமில்லை. 14 நிமிடத்தில் நான்கு நிமிடம் அங்கே செலவழித்திருந்தால், a வரிசைக்குள் யார் முதலில் போகிறார்கள் என்ற ஒரே கேள்வியைக் கேட்டு முடித்திருக்கலாம். மாறாக 42-இல் ஆறு நிமிடம் உட்கார்ந்து, என் ராஜாவின் பாதையை மூன்று முறை எண்ணினேன்.

எனக்கு இன்னும் முழுசாகத் தீராதது 37.Rd4-தான். பக்கவாட்டில் காத்தால் f2-வைக் காக்க என் ராஜா g2-இலும் f3-இலுமே கட்டுப்படுகிறதா, அல்லது e3 வழியாக வெளியே வர முடியுமா என்று தனியாக ஆடிப் பார்த்து முடிக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் நானே நகர்த்தினால் வெள்ளைக்குச் சாதகமாகவே கை போகிறது. அடுத்த ஞாயிறு பசியாறிவிட்டு நேராக இங்கே வந்துவிடு. நீ கறுப்பை எடுத்துக்கொள், 36...Ra2-விலிருந்து ஆரம்பிப்போம். பலகையை அடுக்கியே வைத்திருக்கிறேன்.